பெயர் பொருந்தினால்தான் வசனம் வரும்

படம் ஓடுகிறது, ஒலியும் கேட்கிறது, ஆனால் கீழே வர வேண்டிய எழுத்தைக் காணோம். சப்டைட்டில் ஃபைல் அதே பென் டிரைவில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது ஒழுங்காக வந்தது. டிவியில் செருகியதும் மறைந்துவிட்டது. காது மந்தமான பெரியவர்கள் இருக்கும் வீட்டிலும், வேற்றுமொழிப் படத்தை விரும்பிப் பார்க்கும் வீட்டிலும் இது பெரிய ஏமாற்றம். உடனே டிவியில் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு டிவியில் இல்லை. ஃபைலின் பெயரில் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் பழகிய கைக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே வீடியோ ஓடும்போது சப்டைட்டில் ஃபைலை மவுஸால் இழுத்து அதன்மேல் போட்டால் போதும், பெயர் எதுவாக இருந்தாலும் எழுத்து வந்துவிடும். டிவியோடு கூடவே வரும் பிளேயர்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. நீங்கள் ஒரு வீடியோவைத் திறந்ததும், அதன் பெயரில் கடைசிப் புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் டிவி எடுத்துக்கொள்கிறது. அதே ஃபோல்டரில், அதே பெயரோடு, `.srt` போன்ற பின்னொட்டில் முடியும் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் எடுத்துக் காட்டும், இல்லாவிட்டால் பேசாமல் படத்தை ஓட்டும். உள்ளே இருப்பது அந்தப் படத்தின் வசனம்தானா என்றெல்லாம் அது சரிபார்ப்பதில்லை. வேறொரு படத்தின் சப்டைட்டிலுக்கு இந்தப் படத்தின் பெயரை வைத்துக் கொடுத்தால், சம்பந்தமில்லாத வசனங்களைக் கடைசிவரை காட்டிக்கொண்டிருக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற படம் ‘சின்டெல்’. நெதர்லாந்தில் இயங்கும் பிளெண்டர் அறக்கட்டளை 2010இல் வெளியிட்ட, கால் மணி நேரத்துக்குள் முடியும் அனிமேஷன் குறும்படம் இது. தான் வளர்த்த டிராகன் குட்டியைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. படைத்தவர்களின் பெயரைச் சொன்னால் போதும், யாரும் இறக்கிக்கொள்ளலாம், பகிரலாம், தமிழில் சப்டைட்டில் எழுதிச் சேர்க்கலாம் என்ற உரிமத்தோடு வெளிவந்த படம் என்பதால் மனச்சங்கடமில்லாமல் பழகலாம். தமிழ் சப்டைட்டிலை நாமே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பென் டிரைவில் இரண்டு ஃபைல்கள் இப்படி இருக்கின்றன:

```
Sintel.2010.1080p.mkv
sintel_tamil.srt
```

நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே படத்தைச் சேர்ந்தவை என்று தெரிகிறது. டிவிக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். அதற்கு வேண்டியது இது:

```
Sintel.2010.1080p.mkv
Sintel.2010.1080p.srt
```

புள்ளி, இடைவெளி, சிறு கோடு, பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். கையால் தட்டச்சு செய்தால் எங்காவது ஒரு புள்ளி விடுபடும். அதனால் பெயரை நகலெடுத்து ஒட்டுவதே நல்லது. விண்டோஸில் வீடியோ ஃபைலைத் தேர்ந்து `F2` அழுத்தினால் பெயர் மட்டும் நீல நிறத்தில் தேர்வாகும், பின்னொட்டு தேர்வாகாது. `Ctrl+C` அழுத்தி நகலெடுத்து, `Esc` அழுத்தி வெளியே வாருங்கள். பிறகு சப்டைட்டில் ஃபைலைத் தேர்ந்து, மறுபடி `F2`, அதன்பின் `Ctrl+V`. அவ்வளவுதான் வேலை.

இதைச் செய்வதற்கு முன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் தனக்குத் தெரிந்த ஃபைல் வகைகளின் பின்னொட்டை மறைத்தே காட்டும். திரையில் `Sintel.2010.1080p` என்று மட்டும் தெரியும். பின்னொட்டு இல்லையே என்று நினைத்து நீங்கள் கடைசியில் `.srt` சேர்த்தால், உண்மையான பெயர் `Sintel.2010.1080p.srt.srt` ஆகிவிடும். நோட்பேடில் எழுதிச் சேமித்த ஃபைல் என்றால் `.srt.txt` என்று முடிந்திருக்கக்கூடும். உங்கள் கண்ணுக்குப் பெயர் சரியாகவே தெரியும், டிவி கண்டுகொள்ளாது. பெயர் சரிதானே, ஏன் வரவில்லை என்று தவிப்பவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். விண்டோஸ் 11இல் ஃபோல்டரின் மேலே உள்ள `View` மெனுவில் `Show`, அதற்குள் `File name extensions` என்பதைத் தேர்ந்தால் எல்லாப் பின்னொட்டுகளும் வெளியே தெரியும். விண்டோஸ் 10இல் `View` பகுதியிலேயே அதே பெயரில் ஒரு கட்டம் இருக்கும். இதை ஒருமுறை செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

ஃபைலுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை நியாயமானது. ஆனால் பெயர் பொருத்தத்தை நம்பி நடக்கும் இந்த வேலைக்கு அது ஆகாது. காரணம், தமிழ் எழுத்துகளைக் கம்ப்யூட்டர் சேமிக்கும் விதம். ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ‘ொ’ என்று ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ‘ெ’ ஒன்று, ‘ா’ ஒன்று என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கோ, கௌ போன்றவற்றுக்கும் இதே கதைதான். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். எழுத்தெழுத்தாக ஒப்பிடும் டிவிக்கு வெவ்வேறாகப்படலாம். ‘கொடி’ என்று வீடியோவுக்கும் ‘கொடி’ என்று சப்டைட்டிலுக்கும் பெயர் வைத்துவிட்டு, எது தப்பு என்று இரவு முழுக்கத் தேடினாலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், உள்ளே வசனம் தமிழில் இருக்கட்டும்.

பெயரைச் சரிசெய்தபின் படத்தை ஓட விட்டு, ரிமோட்டில் ஓகே பொத்தானையோ மேல்நோக்கிய அம்புக்குறியையோ அழுத்தினால் பிளேயரின் சொந்த மெனு வரும். சப்டைட்டிலை அங்கே போய்த்தான் இயக்க வேண்டும். டிவியின் பொது அமைப்புகளில் காது கேளாதோருக்கென இருக்கும் `Caption` என்ற தேர்வு பெரும்பாலும் சேனல் ஒளிபரப்புக்கானது. அதை இயக்கிவிட்டு பென் டிரைவ் படத்தில் எழுத்து வரவில்லையே என்று காத்திருப்பதில் பயனில்லை.

பெயர் பொருந்திவிட்டது, ஏதோ வருகிறது, ஆனால் அது தமிழ் இல்லை என்றால் சிக்கல் ஃபைலுக்குள்ளே இருக்கிறது. `.srt` ஃபைல் என்பது வெறும் எழுத்து ஃபைல்தான். டிவிடியிலிருந்து சப்டைட்டிலை எடுத்துத் தந்த ‘சப்ரிப்’ என்ற மென்பொருளிலிருந்து பிறந்த வடிவம் என்பதால் இந்தப் பெயர். நோட்பேடில் திறந்தால் இப்படி இருக்கும் (நேரங்கள் எடுத்துக்காட்டுக்கு எழுதியவை):

```
1
00:00:14,500 --> 00:00:18,000
[பனிக்காற்று வீசுகிறது]

2
00:00:21,200 --> 00:00:24,000
[காலடி ஓசை]
```

முதலில் வரிசை எண். அடுத்து எழுத்து தோன்ற வேண்டிய நேரமும் மறைய வேண்டிய நேரமும். பிறகு வசனம். அதன்பின் ஒரு வெற்று வரி. விநாடிக்கும் அதன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் நடுவே வருவது காற்புள்ளி, முற்றுப்புள்ளி அல்ல. வெற்று வரியை விட்டுவிட்டால் அடுத்த வசனத்தின் எண்ணும் நேரமும் சேர்ந்து திரையில் வந்து நிற்கக்கூடும். இதை வேர்டில் எழுதாதீர்கள். நடுவில் உள்ள `-->` என்பதை அது தானாகவே அம்புக்குறியாக மாற்றிவிடும், அந்த அம்புக்குறி டிவிக்குப் புரியாது. நோட்பேட் போதும், சேமிக்கும்போது `Save as type` என்ற இடத்தில் `All files` என்று தேர்ந்துகொள்ளுங்கள்.

அதே சாளரத்தின் கீழே `Encoding` என்று ஒரு தேர்வு இருக்கும். தமிழைப் பொறுத்தவரை எல்லாம் இதில் அடங்கியிருக்கிறது. எழுத்துகளை எண்களாக மாற்றிச் சேமிக்கும் முறைக்குத்தான் அந்தப் பெயர். `ANSI` என்ற பழைய முறையில் தமிழுக்கு இடமே இல்லை. தமிழ் வசனத்தை அதில் சேமிக்கப் போனால் நோட்பேட் ஓர் எச்சரிக்கை காட்டும். படிக்காமல் ஓகே கொடுத்துவிட்டால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாக மாறிவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது, எழுத்தே அழிந்துவிட்டது. தேர்வு செய்ய வேண்டியது `UTF-8`. அதிலும் டிவி தடுமாறினால் `UTF-8 with BOM` என்று சேமித்துப் பாருங்கள். ஃபைலின் தொடக்கத்தில் மூன்று பைட் நீளத்துக்கு, ‘இது இந்த முறையில் எழுதப்பட்டது’ என்ற அடையாளம் சேரும். ஊகித்துத் தப்பாகப் படிக்கும் டிவிகள் சில, இந்த அடையாளத்தைக் கண்டதும் சரியாகப் படிக்கத் தொடங்கும்.

திரையில் தெரியும் குப்பை எழுத்தைப் பார்த்தே என்ன நடந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். முழுக்க `????` என்று வந்தால், முதலில் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் ஃபைல் தப்பாகச் சேமிக்கப்பட்டு வசனம் போய்விட்டது. ‘தே’ என்று வர வேண்டிய இடத்தில் `à®¤à¯‡` என்று வந்தால் பயம் வேண்டாம், ஃபைல் நலமாக இருக்கிறது. `UTF-8` முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. டிவி அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்துக்கொண்டிருக்கிறது. தமிழின் எல்லாக் குறிகளும் ஒரே பகுதியில் இருப்பதால்தான் `à®`, `à¯` என்ற இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. டிவியின் சப்டைட்டில் மெனுவில் எழுத்துமுறை அல்லது மொழி என்று ஒரு தேர்வு இருந்தால் அங்கே `UTF-8` அல்லது யூனிகோடு என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன அடையாளத்தோடு சேமியுங்கள்.

வெறும் சின்னச் சின்னக் கட்டங்களாக வந்தால் டிவி ஃபைலைச் சரியாகவே படித்துவிட்டது. காட்டுவதற்கு அதனிடம் தமிழ் எழுத்துரு இல்லை. நான்காவது வகைதான் மனசை நோகடிப்பது. தமிழ் எழுத்துகள் வருகின்றன, ஆனால் இடம் மாறி வருகின்றன. ‘தேன்’ என்ற சொல்லைச் சேமிக்கும்போது முதலில் ‘த’, அடுத்து ஏகாரக் குறி என்றுதான் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும். காட்டும்போது அந்தக் குறியைத் தூக்கி எழுத்துக்கு முன்னால் போட வேண்டும். கொகர வரிசை என்றால் குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தெரியாத பிளேயர், குறியை எழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கவிடும். ஒரு வரி, இரண்டு வரி என்றால் ஊகித்துப் படித்துவிடலாம். இரண்டு மணி நேரப் படத்தை அப்படிப் படிக்கும்படி எழுபது வயதுக்காரரிடம் சொல்ல முடியாது.

இந்தக் கடைசி இரண்டு வகைக்கும் ஃபைலில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, குறை டிவியின் பிளேயரில். ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி என்றால் விஎல்சி போன்ற வேறொரு பிளேயரைக் கடையிலிருந்து இறக்கி முயன்று பார்க்கலாம். அதில் பெயர் பொருந்தாத சப்டைட்டிலையும் நாமே தேர்ந்து கொடுக்கலாம் என்பது கூடுதல் லாபம். அதற்கும் வழியில்லாத டிவி என்றால், ‘சப்டைட்டில் எடிட்’, ‘ஹேண்ட்பிரேக்’ போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு எழுத்தைப் படத்தின்மேலேயே பதித்துவிடலாம். அதன்பின் அது படத்தின் பகுதி, எந்த டிவியும் காட்டியே தீரும். ஆனால் முழு வீடியோவையும் மறுபடி உருவாக்க வேண்டியிருப்பதால் கம்ப்யூட்டர் நீண்ட நேரம் உழைக்கும், பதித்த எழுத்தை வேண்டாதபோது மறைக்கவும் முடியாது. வீட்டில் ஒரு பெரியவருக்காக நாலைந்து படம் என்றால் இந்தப் பாடு தகும் என்பது என் கருத்து.

இனி, தமிழ் அழகாக வருகிறது, ஆனால் வசனமும் வாயசைவும் ஒட்டவில்லை என்ற நிலை. இங்கே அவசரப்பட்டு எதையும் மாற்றக் கூடாது. படத்தின் தொடக்கத்தில் ஒரு வசனத்தையும் முடிவில் ஒரு வசனத்தையும் பாருங்கள். இரண்டு இடத்திலும் மூன்று விநாடி தாமதம் என்றால், முழு ஃபைலையும் மூன்று விநாடி முன்னால் நகர்த்தினால் தீர்ந்தது. பல டிவிகளின் சப்டைட்டில் மெனுவிலேயே இதற்கு இடம் உண்டு. அப்படியில்லாமல், தொடக்கத்தில் ஒட்டிவந்த எழுத்து போகப் போக விலகிக்கொண்டே போனால் விஷயம் வேறு. திரைப்படம் விநாடிக்கு 24 சட்டங்கள் என்ற கணக்கில் எடுக்கப்படுகிறது. டிஸ்க்கிலும் இணையத்திலும் அது பெரும்பாலும் 23.976 ஆக வரும். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 சட்டங்கள். அங்கே அதே படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். அந்த வேகமான படத்துக்கு எழுதிய சப்டைட்டிலை நம் படத்துக்குப் போட்டால், படத்தின் ஒரு மணி நேரக் கட்டத்தில் வர வேண்டிய வசனம் 57 நிமிடம் 32 விநாடியிலேயே வந்துவிடும், கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம் முன்னதாக. இதை எத்தனை விநாடி நகர்த்தினாலும் ஓர் இடத்தில் பொருந்தி மற்ற இடங்களில் விலகும். ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் `Change frame rate` என்ற கட்டளையில் 25இலிருந்து 23.976க்கு மாற்றிச் சேமித்தால் முழுப் படத்துக்கும் சேர்ந்தே சரியாகிவிடும். சேமித்த புதிய ஃபைலுக்கு மறுபடி வீடியோவின் பெயரையே வைக்க மறக்க வேண்டாம். மென்பொருள் தானாக வேறு பெயர் கொடுத்திருக்கலாம்.

ஒரே படத்துக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டும் என்றால் பெயருக்கும் பின்னொட்டுக்கும் நடுவே மொழிக் குறியீட்டைச் சேர்ப்பது வழக்கம். `Sintel.2010.1080p.ta.srt` என்றால் தமிழ், `.en.srt` என்றால் ஆங்கிலம். சில டிவிகள் இதைப் புரிந்துகொண்டு இரண்டையும் பட்டியலில் காட்டும். சில, பெயர் முழுக்கப் பொருந்தவில்லை என்று இரண்டையும் விட்டுவிடும். அப்படிப்பட்ட டிவிக்கு ‘எம்கேவி டூல்நிக்ஸ்’ என்ற இலவச மென்பொருளால் இரண்டு சப்டைட்டிலையும் `.mkv` ஃபைலுக்குள்ளேயே வைத்துவிடலாம். படத்தை மறுபடி உருவாக்காமல் சேர்த்துக் கட்டும் வேலை மட்டும் என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும், பெயர்ப் பொருத்தத் தொல்லையும் இல்லை.

பென் டிரைவைப் பற்றியும் கொஞ்சம். பழைய டிவிகள் பல `FAT32` முறையில் ஃபார்மட் செய்த டிரைவை மட்டுமே படிக்கும். ஆனால் அதில் 4 ஜிபியைத் தொடும் ஒரே ஃபைலை வைக்க முடியாது. பெரிய படம் என்றால் `exFAT` அல்லது `NTFS` வேண்டும். உங்கள் டிவி எதைப் படிக்கும் என்பது கையேட்டில் இருக்கும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் நகலெடுத்தால் `._Sintel.2010.1080p.srt` என்பதுபோல முன்னால் புள்ளியும் அடிக்கோடும் கொண்ட சிறு ஃபைல்கள் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். டிவி அவற்றைப் படம் என்று நினைத்துப் பட்டியலில் காட்டி, திறக்க முடியவில்லை என்று சொல்லும். உண்மையான ஃபைல்களைத் தொடாமல் அவற்றை மட்டும் அழித்துவிடலாம்.

பெயர், எழுத்துமுறை, நேரம் ஆகிய மூன்றையும் நம் கையாலேயே சரிசெய்துவிட முடியும். தமிழ் எழுத்துரு இல்லாத டிவியை அப்படித் திருத்த முடியாது. அதனால் புது டிவி வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு பென் டிரைவை வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு நிமிட வீடியோ ஒன்றும், அதே பெயரில் தமிழ் `.srt` ஃபைல் ஒன்றும் இருக்கட்டும். வசனமாகத் தேன், கொடி, மௌனம், ஸ்ரீ, பக்ஷணம் என்ற சொற்களை எழுதி வையுங்கள். இடம் மாறும் குறிகளும் கூட்டெழுத்துகளும் இவற்றில் இருக்கின்றன. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் டிவியிலேயே செருகி, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஐந்து சொல்லும் பிழையில்லாமல் தெரிந்த பிறகு விலை பேசுங்கள்.